பிளேட்டோவின் குகைக்குள் நுழைவது எப்படி: முதன்முறை படிப்பவருக்கு ஒரு வழிகாட்டி

பிளேட்டோவின் குகைக் கதையை ஏதோ ஒரு வடிவில் கேள்விப்படாதவர்கள் குறைவு. கட்டிப் போடப்பட்ட கைதிகள், சுவரில் ஆடும் நிழல்கள், ஒருவன் மட்டும் வெளியேறிச் சூரியனைக் காண்பது என்ற அளவில் அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கதையை மட்டும் தனியே எடுத்துப் படிப்பவர்களிடம் கடைசியில் மிஞ்சுவது, ‘கண்ணால் காண்பதெல்லாம் பொய், மெய் வேறெங்கோ இருக்கிறது’ என்ற ஒற்றை வரிதான். அந்த வரியைப் பிளேட்டோ சொல்லவில்லை. ‘குடியரசு’ நூலில் அடுத்தடுத்து வரும் மூன்று உருவகங்களில் குகை மூன்றாவது. அதற்கு முன் சூரிய உருவகமும், பிரிக்கப்பட்ட கோடு என்ற உருவகமும் வருகின்றன. குகையில் உள்ள ஒவ்வொரு பொருளும் எதைக் குறிக்கிறது என்பதற்கான விடை அந்த இரண்டிலும்தான் இருக்கிறது. ஆகவே இந்த வழிகாட்டி குகையிலிருந்து தொடங்காமல், குகையை நோக்கிச் செல்கிறது.

முதல் படி: படிக்கும் வரிசை

எந்த மொழிபெயர்ப்பை எடுத்தாலும் ஓரத்தில் சில எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். 1578-இல் ஹென்றி எஸ்தியேன் என்ற அச்சகர் வெளியிட்ட கிரேக்கப் பதிப்பின் பக்க எண்கள் அவை. பதிப்புக்குப் பதிப்பு பக்கங்கள் மாறினாலும் அந்த ஓர எண்கள் மாறுவதில்லை என்பதால், இடங்களைச் சுட்டுவதற்கு அவற்றையே பயன்படுத்துகிறேன்.

‘குடியரசு’ பத்து பகுதிகள் கொண்ட நீண்ட உரையாடல். அதைக் கதையாகச் சொல்பவர் சாக்ரடீஸ். நாம் படிக்கப்போகும் இடங்களில் அவருக்கு எதிர்நின்று பதில் சொல்பவர் பெரும்பாலும் பிளேட்டோவின் உடன்பிறந்தவரான கிளாக்கன். முழு நூலையும் முதலிலேயே படித்தாக வேண்டியதில்லை. ஐந்தாம் பகுதியின் இறுதியில் 474 முதல் 480 வரை, பிறகு ஆறாம் பகுதியில் 504 முதல் 511 வரை, பிறகு ஏழாம் பகுதியில் 514 முதல் 525 வரை என்று படித்தால் போதும். இதற்கு இடையில் ‘மெனோ’ என்ற சிறிய உரையாடலில் 82 முதல் 86 வரை உள்ள பக்கங்களைப் படித்துக்கொள்வது நல்லது. அங்கே நடக்கும் ஒரு கணக்குப் பாடம், பின்னால் நமக்கு மிகவும் தேவைப்படும்.

இரண்டாம் படி: வடிவம் என்ற ஒன்று ஏன் தேவைப்படுகிறது

வடிவங்களைப் பற்றிய கோட்பாட்டை முதலில் வரையறையாகக் கற்றுக்கொண்டால் அது வெறும் விசித்திரமான நம்பிக்கையாகத் தோன்றும். அது எந்தக் கேள்விக்கு விடையாக எழுந்தது என்பதைப் பார்த்தால்தான் அதன் வலிமை தெரியும். இதற்கு 523-ஆம் பக்கத்தில் சாக்ரடீஸ் சொல்லும் விரல் எடுத்துக்காட்டே சிறந்த வாயில்.

உங்கள் கையை விரித்து, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் ஆகிய மூன்றையும் பாருங்கள். இவை மூன்றும் விரல்கள்தாமா என்ற கேள்வி கண்ணுக்கு எழுவதே இல்லை. நடுவில் இருந்தாலும் ஓரத்தில் இருந்தாலும், கறுப்பாக இருந்தாலும் வெளுப்பாக இருந்தாலும் விரல் விரல்தான். இப்போது மோதிரவிரலை மட்டும் எடுத்துக்கொண்டு, அது பெரியதா சிறியதா என்று கேளுங்கள். சுண்டுவிரலுக்கு அருகில் அது பெரியது. நடுவிரலுக்கு அருகில் அதே விரல், அதே நேரத்தில், சிறியது. கண் ‘பெரியது’ என்றும் சொல்கிறது, ‘சிறியது’ என்றும் சொல்கிறது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பித் தருகிறது. பெருமை, அதாவது பெரியதாக இருத்தல், என்பது என்ன, சிறுமை, அதாவது சிறியதாக இருத்தல், என்பது என்ன என்று மனம் கேட்கத் தொடங்குவது அந்தக் குழப்பத்தில்தான். அந்தக் கேள்விக்கு விடையாக எந்த விரலையும் நீட்டிக் காட்ட முடியாது, ஏனெனில் நீட்டும் எந்த விரலும் ஒரு பக்கம் பெரியதாகவும் மறுபக்கம் சிறியதாகவும் இருக்கும்.

ஐந்தாம் பகுதியின் முடிவில் சாக்ரடீஸ் இதையே அழகுக்கும் நீதிக்கும் விரிக்கிறார். விழா விழாவாகச் சென்று இசையையும் நாடகத்தையும் கண்டு களிப்பவர்களுக்குப் பல அழகான பொருள்கள் தெரியும். ஆனால் அவற்றில் ஒன்றுகூட வேறோர் இடத்தில், வேறொன்றின் அருகில், அழகற்றதாகத் தோன்றாமல் இருப்பதில்லை. நீதியான செயல்களும் அப்படியே; ஒரு சூழலில் நீதியான செயல் இன்னொரு சூழலில் அநீதியாகிவிடும். அப்படியானால் எப்போதும், எந்த ஒப்பீட்டிலும், தன் எதிர்மறையாக மாறாத ‘அழகு’ என்ற ஒன்று இருக்க வேண்டும். இல்லையெனில் அழகைப் ‘பற்றி அறிவது’ என்பதற்கே பொருள் இருக்காது. அப்படி மாறாத ஒன்றையே பிளேட்டோ வடிவம் என்கிறார். பல பொருள்கள் அதில் பங்கு பெறுவதால் அந்தப் பெயரைப் பெறுகின்றன.

இந்த இடத்தில் முதன்முறை படிப்பவர்கள் வழக்கமாக வழி தவறுவார்கள். வடிவம் என்பது நம் மனத்தில் உள்ள பொதுக்கருத்து என்று எடுத்துக்கொள்வது எளிது. பிளேட்டோ அப்படிக் கொள்ளவில்லை. ‘பார்மெனிடீஸ்’ உரையாடலில் இளம் சாக்ரடீஸ், வடிவங்கள் மனத்தில் எழும் எண்ணங்களாக இருக்கலாமே என்று கேட்கிறார். எண்ணம் என்றால் அது ஏதோ ஒன்றைப் பற்றிய எண்ணமாகத்தானே இருக்க வேண்டும், அந்த ‘ஏதோ ஒன்று’ அல்லவா வடிவம் என்று மூத்த தத்துவ அறிஞரான பார்மெனிடீஸ் அதை மடக்குகிறார். எண்ணுபவர் ஒருவரும் இல்லாவிட்டாலும் வடிவம் இருக்கும். நீங்கள் எழுதிவைக்கும் விளக்கத்தில் ‘வடிவம்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘நம் கருத்து’ என்று போட்டாலும் வாக்கியம் பிசகாமல் நிற்கிறதென்றால், நீங்கள் எழுதியது பிளேட்டோவின் கோட்பாடு அன்று என்று தெரிந்துகொள்ளலாம்.

தமிழ் வாசகருக்கு இன்னொரு பிசகும் நேர்வதுண்டு. காட்சி உலகத்தைப் பிளேட்டோ தாழ்த்திப் பேசுவதைக் கண்டவுடன் அத்வைதத்தின் மாயைக் கொள்கை நினைவுக்கு வந்துவிடும். ஆனால் 478, 479-ஆம் பக்கங்களில் அவர் மூன்று நிலைகளைப் பிரிக்கிறார். முழுமையாக இருப்பது அறிவுக்கு உரியது. அறவே இல்லாதது அறியாமைக்கு உரியது. காட்சிப் பொருள்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் உருள்கின்றன, அவற்றைப் பற்றி நமக்குக் கிடைப்பது கருத்து. காணும் பொருள் பொய் அன்று, முழு மெய்யும் அன்று. மெய்ம்மைக்குப் படிநிலைகள் உண்டு என்பதே இங்குள்ள துணிவான கூற்று. இதை விட்டுவிட்டால் அடுத்து வரும் கோடு உருவகம் அடியோடு புரியாமல் போகும்.

மூன்றாம் படி: கோட்டைத் தாளில் வரைதல்

சூரிய உருவகத்தைச் சுருக்கமாகக் கடக்கலாம். நன்மை என்பது என்ன என்று நேரடியாகச் சொல்லும்படி கிளாக்கன் வற்புறுத்துகிறார். சாக்ரடீஸ் மறுத்து, அதன் பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன் என்று சூரியனைக் காட்டுகிறார். கண் இருந்து, நிறம் இருந்து, ஒளி இல்லையென்றால் பார்வை இல்லை. அதுபோல மனமும் வடிவங்களும் இருந்தாலும், நன்மையின் வடிவம் இல்லாமல் அறிவு இல்லை. சூரியன் பொருள்களைக் காட்டுவதோடு அவற்றை வளர்க்கவும் செய்வதுபோல, நன்மை வடிவங்களை அறியச் செய்வதோடு அவற்றுக்கு இருப்பையும் தருகிறது. தானோ இருப்பையும் கடந்து நிற்கிறது. இதைக் கேட்ட கிளாக்கன், அப்பல்லோவே, இது எத்தகைய மிகைப்பாடு என்று வேடிக்கையாக வியக்கிறார். அந்த இடத்தில் தலை சுற்றினால் கவலை வேண்டாம், கிளாக்கனுக்கே சுற்றியது.

கோடு உருவகத்துக்குத் தாளும் அளவுகோலும் வேண்டும். சாக்ரடீஸின் அறிவுரை இது: ஒரு கோட்டைச் சமமில்லாத இரண்டாகப் பிரித்து, பிறகு ஒவ்வொரு பகுதியையும் அதே விகிதத்தில் மீண்டும் பிரிக்க வேண்டும். 9 செ.மீ. நீளத்தில் ஒரு செங்குத்துக் கோட்டை வரையுங்கள். இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் பிரித்தால் மேலே 6, கீழே 3. மேலே உள்ள 6, அதே விகிதத்தில் 4 ஆகவும் 2 ஆகவும் பிரியும். கீழே உள்ள 3, 2 ஆகவும் 1 ஆகவும் பிரியும். மேலிருந்து கீழாக 4, 2, 2, 1 என்று நான்கு துண்டுகள் கிடைக்கும். மேல் இரண்டும் மனத்தால் அறியப்படுபவை, கீழ் இரண்டும் கண்ணால் காணப்படுபவை.

கீழே கடைசித் துண்டில் நிழல்களும் நீரில் விழும் பிம்பங்களும். அதற்கு உரிய மனநிலையைப் பிம்ப அறிவு என்று வைத்துக்கொள்வோம். அதற்கு மேல் அந்த நிழல்களுக்கு உரிய மரம், விலங்கு, மனிதர் செய்த பொருள் ஆகியவை. அதற்கு உரியது நம்பிக்கை. அதற்கும் மேல் கணிதம். அதற்கு உரியது தர்க்கச் சிந்தனை. உச்சியில் வடிவங்கள்; அவற்றுக்கு உரியது நேர் அறிவு.

இந்த நான்கையும் பெயர்களாக மனப்பாடம் செய்வதில் பயனில்லை. ஒரே பொருளை நான்கு நிலைகளிலும் பின்தொடர்ந்து பார்க்க வேண்டும். ‘மெனோ’வில் வரும் சதுரம் அதற்கு ஏற்றது. கணிதம் படித்திராத ஓர் அடிமைச் சிறுவனிடம் சாக்ரடீஸ் 2 அடி பக்கமுள்ள சதுரத்தை வரைந்து காட்டுகிறார். அதன் பரப்பு 4 சதுர அடி. இதைப்போல் இரண்டு மடங்கு, அதாவது 8 சதுர அடி, பரப்புள்ள சதுரத்துக்குப் பக்கம் எவ்வளவு? பக்கத்தையும் இரட்டிப்பாக்கினால் போதும் என்கிறான் சிறுவன். 4 அடி பக்கத்துக்குப் பரப்பு 16 வந்துவிடுகிறது. அப்படியானால் 3 அடி என்கிறான், 9 வருகிறது. தனக்குத் தெரியவில்லை என்று அவன் ஒப்புக்கொண்ட பிறகு, சாக்ரடீஸ் நான்கு சிறு சதுரங்களைச் சேர்த்து வரைந்து ஒவ்வொன்றையும் மூலைவிட்டத்தால் வெட்டுகிறார். நான்கு மூலைவிட்டங்களும் சேர்ந்து நடுவில் ஒரு சதுரத்தை அடைக்கின்றன. ஒவ்வொரு சிறு சதுரத்திலும் பாதி அதற்குள் இருக்கிறது. 4-இன் பாதி 2, நான்கு முறை 2 என்றால் 8. ஆக, மூலைவிட்டமே விடை.

இதைக் கோட்டின் மீது வைப்போம். இந்தப் படத்தை நீரில் விழுந்த பிம்பமாக மட்டுமே கண்ட ஒருவன் கடைசித் துண்டில் நிற்கிறான். மணலில் வரைந்த படத்தையே கண்டு, பக்கத்தை அளந்து விடை சொல்பவன் அதற்கு மேல் நிற்கிறான். அவனுடைய விடை எவ்வளவு நல்லதாக இருக்கும் என்று பாருங்கள். 2 அடி 10 அங்குல நீளத்தில் ஒரு பக்கத்தை அவன் வரைந்தால், பரப்பு 8 சதுர அடியும் அதற்கு மேல் 36-இல் ஒரு பங்கும் வரும். உண்மையான மூலைவிட்டத்துக்கும் அவன் வரைந்த கோட்டுக்கும் உள்ள வேறுபாடு சுமார் ஒன்றரை மில்லிமீட்டர். மணலில் விரலால் இழுத்த கோட்டின் தடிமன் அதைவிட அதிகம். கண்ணுக்கு இந்த விடையைத் தவறு என்று சொல்ல வழியே இல்லை. ஆனால் அது தவறுதான். அங்குலத்தை எத்தனை கூறாகப் பிரித்து அளந்தாலும் தவறாகவே இருக்கும், ஏனெனில் பக்கத்துக்கும் மூலைவிட்டத்துக்கும் முழு எண்களால் ஆன விகிதமே கிடையாது. இதை அறிபவன் மூன்றாம் துண்டுக்கு ஏறிவிட்டான். அவன் மணலில் உள்ள படத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாலும், பேசுவது அதைப் பற்றி அன்று. சதுரத்தையும் மூலைவிட்டத்தையும் பற்றி. 510-ஆம் பக்கத்தில் சாக்ரடீஸ் கணித அறிஞர்களைப் பற்றிச் சொல்வது இதே சதுரத்தையும் மூலைவிட்டத்தையும் வைத்துத்தான்.

அப்படியானால் நான்காவது துண்டு எதற்கு? கணித அறிஞர் ஒற்றை, இரட்டை, உருவங்கள், மூவகைக் கோணங்கள் ஆகியவற்றைத் தெரிந்தவையாக வைத்துக்கொண்டு கீழ்நோக்கி முடிவுகளுக்குப் போகிறார். அவற்றுக்கு விளக்கம் கொடுக்கும் பொறுப்பு தமக்கு இல்லை என்பது அவர் நிலை. உச்சியில் நிற்பவர் அந்த எடுகோள்களையே படிக்கட்டாக மிதித்து, வேறெதையும் எடுகோளாகக் கொள்ளாத ஒரு தொடக்கத்தை எட்டி, பிறகு படங்களின் துணையே இல்லாமல் வடிவங்கள் வழியாகவே இறங்கி வருகிறார். இதற்குப் பிளேட்டோ முழுமையாகச் செய்துகாட்டிய எடுத்துக்காட்டு எதையும் தரவில்லை. வாசகர் அதைத் தேடி அலைய வேண்டாம்.

வரைந்த கோட்டை இன்னொரு முறை பாருங்கள். நடுவில் உள்ள இரண்டு துண்டுகளும் 2, 2 என்று சமமாக இருக்கின்றன. எந்த விகிதத்தை எடுத்தாலும் இப்படித்தான் வரும். நம்பிக்கையைவிடக் கணிதம் தெளிவானது என்றால் அதன் துண்டு நீளமாக அல்லவா இருக்க வேண்டும்? பிளேட்டோ இதைக் கவனிக்கவில்லை என்பாரும் உண்டு, வேண்டுமென்றே செய்தார் என்பாரும் உண்டு. கணிதத்தில் இவ்வளவு ஊறியவர் கவனித்திருக்கமாட்டார் என்று என்னால் நம்ப முடியவில்லை. மணலில் வரைந்த சதுரம் இரண்டாம் துண்டில் நிழலுக்கு மூலமாக இருந்தது; அதே சதுரத்தை மூன்றாம் துண்டில் கணித அறிஞர் பிம்பமாகப் பயன்படுத்துகிறார். கண்முன் இருக்கும் பொருள் ஒன்றே, பார்க்கும் விதமே மாறியது என்பதை அந்தச் சமநீளம் காட்டுகிறது என்பது என் எண்ணம்.

நான்காம் படி: குகையின் அமைப்பைச் சரியாகப் போடுதல்

இப்போது 514-ஆம் பக்கத்துக்கு வரலாம். படிக்கும்போதே ஒரு குறுக்குவெட்டுப் படம் வரைந்துகொள்ளுங்கள், ஏனெனில் இந்தக் கதையில் எது எங்கே இருக்கிறது என்பதுதான் பொருள். ஆழத்தில், உள்சுவரைப் பார்த்தபடி கைதிகள். குழந்தைப் பருவத்திலிருந்தே காலும் கழுத்தும் கட்டப்பட்டிருப்பதால் தலையைத் திருப்ப முடியாது. அவர்களுக்குப் பின்னால், சற்று மேலே, தொலைவில் ஒரு தீ எரிகிறது. தீக்கும் கைதிகளுக்கும் இடையில் ஒரு பாதை, அதன் ஓரமாக ஒரு குட்டைச் சுவர். அந்தச் சுவருக்குப் பின்னால் ஆட்கள், கல்லிலும் மரத்திலும் செய்த மனித உருவங்களையும் விலங்கு உருவங்களையும் சுவருக்கு மேல் தெரியும்படி தூக்கிச் செல்கிறார்கள். சிலர் பேசுகிறார்கள், சிலர் பேசுவதில்லை. பேச்சின் எதிரொலி உள்சுவரிலிருந்து வருவதால், நிழல்களே பேசுகின்றன என்று கைதிகள் நினைக்கிறார்கள். இவற்றுக்கெல்லாம் பின்னால், மேலேறும் நீண்ட வாயில். அதற்கு அப்பால் பகல்.

குட்டைச் சுவரைப் பாவை ஆட்டுபவர்கள் முன்னால் வைக்கும் மறைப்போடு சாக்ரடீஸ் ஒப்பிடுகிறார். இதைப் படித்தவுடன் நமக்குத் தோல்பாவைக்கூத்தின் வெள்ளைத் திரை கண்முன் வந்துவிடும். அங்கேதான் படம் தப்பாகிவிடும். நம் கூத்தில் பார்ப்பவருக்கும் விளக்குக்கும் நடுவில் திரை இருக்கிறது, நிழல் அதன்மீதே விழுகிறது. குகையில் குட்டைச் சுவர் ஆட்களை மறைப்பதற்கு மட்டுமே. நிழல் விழுவது கைதிகளுக்கு எதிரே உள்ள பாறையில். விளக்கு, பாவை, ஆட்டுபவர் ஆகிய மூன்றும் அவர்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கின்றன.

விசித்திரமான கைதிகள் என்கிறார் கிளாக்கன். நம்மைப் போன்றவர்கள் என்கிறார் சாக்ரடீஸ்.

இனி ஒருவனை அவிழ்த்துவிடுகிறார்கள். எழுந்து கழுத்தைத் திருப்பும்படி கட்டாயப்படுத்துகிறார்கள். தீயின் ஒளியில் கண் கூசுகிறது; முன்பு பார்த்த நிழல்கள் எந்த உருவங்களின் நிழல்களோ அந்த உருவங்களைக் காட்டி ‘இது என்ன?’ என்று கேட்டால் திகைக்கிறான். நிழல்களே தெளிவானவை என்று திரும்பி ஓடப் பார்க்கிறான். பிறகு யாரோ அவனைக் கரடுமுரடான செங்குத்துப் பாதை வழியாக வெளியே இழுத்துச் செல்கிறார்கள். வெளியே முதலில் நிழல்களைத்தான் அவனால் பார்க்க முடிகிறது, அடுத்து நீரில் தெரியும் பிம்பங்கள், அடுத்துப் பொருள்கள், அடுத்து இரவில் விண்மீன்களும் நிலவும், கடைசியில் சூரியன். சூரியனைக் கண்ட பிறகு, பருவங்களையும் ஆண்டுகளையும் தருவதும் எல்லாவற்றுக்கும் ஒருவகையில் காரணமாக இருப்பதும் அதுவே என்று அவன் முடிவுக்கு வருகிறான். முதலில் காட்சி, பிறகு அதிலிருந்து காரணத்தை நோக்கிய தர்க்கம் என்ற இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும்.

ஐந்தாம் படி: கோட்டைக் குகையின் மீது வைத்தல்

517-ஆம் பக்கத்தில் சாக்ரடீஸே, இந்த உருவகத்தை முன்பு சொன்னவற்றோடு பொருத்திப் பார்க்க வேண்டும் என்கிறார். குகை என்பது கண்ணால் காணும் உலகம், அதில் எரியும் தீ நம் சூரியன். மேலேறுவது மனம் அறிவுலகுக்கு உயர்வது, அங்குள்ள சூரியன் நன்மையின் வடிவம். பாறையில் விழும் நிழல் பிம்ப அறிவு, தூக்கிச் செல்லப்படும் உருவம் நம்பிக்கை, வெளியே நீரில் தெரியும் பிம்பம் கணிதம், வெளியே உள்ள பொருள் வடிவம் என்று பொருத்துவதே வழக்கம்.

இந்தப் பொருத்தம் ஓர் இடத்தில் இடறும். கோட்டின்படி பார்த்தால், நம்மில் பெரும்பாலோர் நேரம் முழுவதும் நிழல்களையும் பிம்பங்களையும் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. மரத்தையும் மாட்டையும் நேரடியாகவே பார்க்கிறோம். அப்படியிருக்க, கட்டுண்ட கைதிகள் நம்மைப் போன்றவர்கள் என்று சாக்ரடீஸ் சொன்னது எப்படி? விடை சில வரிகள் தள்ளி இருக்கிறது. குகைக்குத் திரும்பியவன் நீதிமன்றங்களில், நீதியின் நிழல்களைப் பற்றியும் அந்த நிழல்களுக்கு உரிய உருவங்களைப் பற்றியும், நீதியையே ஒருநாளும் கண்டிராதவர்களோடு வழக்காட வேண்டியிருக்கும் என்கிறார் சாக்ரடீஸ். கண்ணுக்கு எதிரே உள்ள மாட்டைப் பற்றி நாம் ஏமாறுவது குறைவு. நீதி, நன்மை, சிறப்பு ஆகியவற்றைப் பற்றி நம்மிடம் உள்ளவை பெரும்பாலும் பேச்சாளர்களும் கவிஞர்களும் சட்டம் இயற்றியவர்களும் தூக்கிப்பிடித்த உருவங்களின் நிழல்கள். ஆகவே குகைக்குள் இருப்பதைப் பௌதிக உலகம் என்று மட்டும் படிக்காமல், ஒரு நகரம் தன் மக்களுக்குக் கற்றுத்தந்த மதிப்புகள் என்றும் சேர்த்துப் படிக்க வேண்டும். இதைக் கவனிக்காத விளக்கம் பாதி விளக்கம்தான்.

கைதிகளுக்குள் ஒரு போட்டி நடப்பதும் இதனால் தெளிவாகும். எந்த நிழல் முன்னால் போனது, எது பின்னால் வரும் என்பதை நன்றாக நினைவில் வைத்து அடுத்ததை முன்கூட்டியே சொல்பவனுக்குப் பாராட்டும் பரிசும் உண்டு. அவன் சொல்வது பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். சரியாகச் சொல்வது அறிவு ஆகாது என்பது பிளேட்டோவின் நிலை. ‘மெனோ’வின் முடிவில் இதற்கு விளக்கம் உண்டு: சரியான கருத்தும் வழிகாட்டும்தான், ஆனால் காரணத்தை ஆராய்ந்து கட்டிவைக்காவிட்டால் அது மனத்தை விட்டு ஓடிவிடும். சிறுவன் மூலைவிட்டம்தான் விடை என்று சொன்னபோதும், அது இன்னும் கனவைப்போல் எழுந்த கருத்துதான், பலமுறை பல வகையாகக் கேட்டால்தான் அறிவாகும் என்று சாக்ரடீஸ் சொல்கிறார்.

ஆறாம் படி: திரும்புதலும் இறங்குதலும்

கதையின் தொடக்கத்திலேயே சாக்ரடீஸ் இது எதைப் பற்றியது என்று சொல்லிவிடுகிறார்: கல்வி உள்ள நிலையையும் கல்வி இல்லாத நிலையையும் பற்றியது. 518-இல் அதன் பொருளை விரிக்கிறார். குருட்டுக் கண்ணுக்குள் பார்வையை வைப்பதுபோல், இல்லாத அறிவை உள்ளே வைக்கிறோம் என்று சிலர் சொல்லிக்கொள்கிறார்கள்; அது தவறு. பார்க்கும் ஆற்றல் ஏற்கெனவே இருக்கிறது, பார்க்கும் திசைதான் தவறாக இருக்கிறது. உடல் முழுவதும் திரும்பினால் ஒழிய இருளிலிருந்து ஒளிக்குக் கண்ணைத் திருப்ப முடியாததுபோல, ஆன்மா முழுவதுமே திரும்ப வேண்டும். கழுத்துக் கட்டு ஏன் அவ்வளவு அழுத்திச் சொல்லப்பட்டது என்பது இங்கே விளங்கும். பிளேட்டோவின் பாடத்திட்டத்தில் கணிதத்துக்கு இவ்வளவு இடம் இருப்பதற்கும் இதுவே காரணம். மணலில் உள்ள சதுரத்தைப் பார்த்துக்கொண்டே அதற்கு அப்பால் சிந்திக்க அது பழக்குகிறது.

மேலே போனவன் அங்கேயே தங்க விரும்புவான். அதற்கு அனுமதி இல்லை. திரும்பி வரும்போது கண்ணில் இருள் நிறைந்திருப்பதால் நிழல் போட்டியில் தோற்பான், மேலே போய்க் கண்ணைக் கெடுத்துக்கொண்டு வந்தான் என்று கைதிகள் சிரிப்பார்கள், அவர்களை அவிழ்த்து மேலே கூட்டிச்செல்ல முயன்றால் கைக்கு எட்டினால் கொன்றும் விடுவார்கள். கி.மு. 399-இல் ஏதென்ஸ் நீதிமன்றம் சாக்ரடீஸுக்கு மரண தண்டனை விதித்ததை அறிந்து படிப்பவருக்கு இது யாரைச் சுட்டுகிறது என்று தெரியும். ஏழாம் பகுதியின் இறுதியில் காலக் கணக்கும் இருக்கிறது: 30 வயதில் தர்க்க ஆய்வு தொடங்கி 5 ஆண்டு, அதன்பின் மீண்டும் குகைக்குள் இறங்கிப் பதவி வகித்து 15 ஆண்டு, 50 வயதுக்கு மேல்தான் நன்மையை நோக்கிய முடிவான பார்வை. இறக்கத்துக்குப் பிறகு இன்னோர் ஏற்றம் உண்டு என்பதைச் சுருக்கங்கள் சொல்வதில்லை.

ஏழாம் படி: கோட்பாட்டை அசைத்துப் பார்த்தல்

இவ்வளவும் புரிந்தபின், இதற்கு எதிரான வாதங்களைத் தேடி வெளியே போக வேண்டியதில்லை. முதல் எதிர்வாதங்களைப் பிளேட்டோவே ‘பார்மெனிடீஸ்’ உரையாடலில், 130 முதல் 135 வரை, எழுதிவைத்திருக்கிறார். எவற்றுக்கெல்லாம் வடிவம் உண்டு என்று பார்மெனிடீஸ் கேட்கிறார். நீதிக்கும் அழகுக்கும் உண்டு என்று சாக்ரடீஸ் உறுதியாகச் சொல்கிறார். மனிதனுக்கும் நெருப்புக்கும் தயங்குகிறார். மயிருக்கும் சேற்றுக்கும் அழுக்குக்கும் இல்லை என்கிறார், ஆனாலும் மனம் உறுத்துகிறது. நீ இன்னும் இளையவன் என்கிறார் பார்மெனிடீஸ். விரல் எடுத்துக்காட்டை நினைத்துப் பார்த்தால் அந்தத் தயக்கத்தின் காரணம் தெரியும். ஒரே பொருளில் தம் எதிர்மறையோடு சேர்ந்தே தோன்றும் பண்புகளுக்கு வடிவம் தேவைப்படுவது எளிதில் விளங்குகிறது. விரல் விரலாகவே தெரியும்போது விரலின் வடிவத்துக்கு என்ன தேவை?

அதைவிடக் கடுமையான வாதம் அடுத்து வருகிறது. பல பெரிய பொருள்களைப் பார்த்து, அவை எல்லாம் பெரியவையாக இருப்பதற்குப் ‘பெருமை’ என்ற ஒரு வடிவம் காரணம் என்கிறோம். இப்போது அந்தப் பொருள்களையும் பெருமை என்ற வடிவத்தையும் ஒருசேர வைத்துப் பார்த்தால், வடிவமும் பெரியதுதானே? அப்படியானால் இவை எல்லாம் பெரியவையாக இருப்பதற்கு இன்னொரு பெருமை வேண்டும், அதையும் சேர்த்தால் மற்றொன்று, இப்படி முடிவே இல்லை. ஏறத்தாழ 20 ஆண்டுகள் பிளேட்டோவின் அகாடமியில் இருந்த அரிஸ்டாட்டில் இதே வகை வாதத்தை ‘மூன்றாம் மனிதன்’ என்ற பெயரில் குறிப்பிடுகிறார்.

இந்த வாதத்தைச் சந்திக்க விரும்புபவர் முதலில் பார்க்க வேண்டியது, வடிவமும் தன் பெயரைத் தாங்கும் பொருள்களைப் போலவே அந்தப் பண்பை உடையதா என்பதைத்தான். பெருமை என்ற வடிவம் ஒரு பெரிய பொருள் அன்று, பொருள்கள் பெரியவையாக இருப்பதற்கான விதி என்று கொண்டால் தொடர் அறுந்துவிடும். ஆனால் அப்போது, அழகான பொருள்களைவிட அழகின் வடிவம் மேலும் அழகானது என்று பிளேட்டோ பேசும் இடங்களை விட்டுக்கொடுக்க வேண்டிவரும். குகையில் இருந்த உருவங்களைவிட வெளியே இருந்த பொருள்கள் ‘மேலும் மெய்யானவை’ என்ற படிநிலைப் பேச்சும் அதே சிக்கலில் மாட்டுகிறது. இந்த இரண்டில் எதை விடலாம், எதை வைத்துக்கொள்ளலாம் என்று ‘குடியரசு’ 479-ஐயும் ‘பார்மெனிடீஸ்’ 132-ஐயும் அருகருகே வைத்துப் படித்துப் பாருங்கள். இத்தனை வாதங்களையும் அடுக்கிய பிறகு பார்மெனிடீஸ் சாக்ரடீஸிடம் சொல்வது 135-இல் இருக்கிறது: இந்த இடர்ப்பாடுகளைக் கண்டு, வடிவங்களே இல்லை என்று ஒருவன் மறுத்துவிட்டால், எதை நோக்கிச் சிந்திப்பது என்று அவனுக்குத் தெரியாமல் போய்விடும், உரையாடும் ஆற்றலே அழிந்துவிடும்.